கணக்குக் கேட்காத கடிதம்

அவையில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் வணக்கம்.

குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பழைய வட ஆற்காட்டின் இந்தப் பக்கத்தில், வெளிநாட்டில் வேலை செய்யும் ஒரு பிள்ளையாவது இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தாய் எழுதும் ஒரே ஒரு கடிதத்தைப் பற்றி மட்டும் இன்று பேச வந்திருக்கிறேன். "அடிக்கடி பேசு" என்று கேட்கிற கடிதம் அது. கேட்பது எளிது. கேட்டதைப் படித்த பிறகு அவன் மனம் குன்றிப் போகாமல், பேச வேண்டும் என்ற ஆசையோடு போனை எடுக்கும்படி கேட்பதுதான் கடினம்.

நான் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். எழுதத் தயங்கும் பெண்கள் சிலர் கடிதம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருவதுண்டு. அவர்களில் ஒருவர் குடியாத்தத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் இருக்கிறார். அவருடைய மூத்த மகன் ரியாத்தில் ஒரு தொழிலாளர் முகாமில் தங்கி, ஏ.சி. மெக்கானிக்காக வேலை பார்க்கிறான். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய முதல் கடிதத்தில் இருந்தவற்றை, அவருடைய சம்மதத்தோடு இங்கே சொல்கிறேன். "ஒரு போன் பண்ணக்கூட உனக்கு நேரம் இல்லையா? ராத்திரி ஆன்லைனில் இருந்தாயே, பார்த்தேன். எதிர்வீட்டுப் பையன் தினமும் அவன் அம்மாவோடு பேசுகிறான். நீ எங்களை மறந்துவிட்டாய். நான் செத்துப் போனால்தான் வருவாயா?" இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கினார். அந்தச் சொற்களில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் இந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம் என்றேன்.

பிள்ளை பேசாமல் இருப்பதற்குப் பாசம் குறைந்ததுதான் காரணம் என்று நாம் உடனே முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அது காரணமாக இருப்பதில்லை. ஒரு வாரம் பேசாமல் விட்டவன் மறுவாரம் பேச நினைக்கும்போது, முதலில் அந்த ஒரு வாரத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்குக் கூசி இன்னும் மூன்று நாள் தள்ளிப் போடுகிறான். இப்போது பத்து நாளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அடகு வைத்த நகைக்கு வட்டி ஏறுவதைப் போல, பேசாத நாள் ஒவ்வொன்றும் பேசுவதன் விலையை ஏற்றிவிடுகிறது. எப்படியோ துணிந்து கூப்பிட்டால், நாம் எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி "இத்தனை நாளாக எங்கே போயிருந்தாய்?" என்பது. அவன் பயந்தது அப்படியே நடந்துவிடுகிறது. ஆகவே கடிதம் செய்ய வேண்டிய முதல் வேலை, சேர்ந்து போன அந்த வட்டியை மொத்தமாகத் தள்ளுபடி செய்வதுதான். அதையும் பெருந்தன்மையாக மன்னித்தது போல் எழுதக் கூடாது. மன்னிக்கிறேன் என்றாலே குற்றம் இருந்தது என்றாகிவிடும்.

அந்த முதல் கடிதத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். எதிர்வீட்டுப் பையனைப் பற்றிய வரியில் அவமானத்தைத் தவிர வேறொன்றும் இல்லை, அடித்துவிட்டோம். ஆன்லைனில் பார்த்தேன் என்பதையும் அடித்தோம். நாள் முழுதும் வெயிலில் கூரை மேல் ஏறி இறங்கியவன் படுத்தபடியே எதையோ பார்த்துக்கொண்டிருப்பது ஓய்வுக்காக. அந்த நேரத்தில் பேசத் தெம்பு வேண்டாமா? தாய் தன்னைக் கண்காணிக்கிறாள் என்று தெரிந்தால் அவன் அந்த அடையாளத்தையே மறைத்து வைத்துவிடுவான். கடைசி வரியில்தான் விஷயம் இருந்தது. "செத்துப் போனால்தான் வருவாயா" என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். சற்று நேரம் கழித்துத்தான் சொன்னார்: போன மாதம் தலை சுற்றிக் குழாயடியில் உட்கார்ந்துவிட்டாராம், மகனிடம் சொல்லவில்லையாம். அந்தப் பயம்தான் இப்படிக் கோபமாக வெளியே வந்திருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நோயை மறைப்பதை நாம் தியாகம் என்று நினைக்கிறோம். பிள்ளை அதை அத்தை வாயிலாகவோ ஊர் நண்பன் வாயிலாகவோ அறிந்துகொண்டால், அதன்பின் நாம் "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லும் எதையும் நம்ப மாட்டான். பேசி முடித்த பிறகும் அவனுக்கு நிம்மதி வராது. நிம்மதி தராத பேச்சை எவன் நாடுவான்? உண்மையைச் சொல்வதாகத் தாய் வாக்குக் கொடுப்பதும், என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று தெளிவாக எழுதுவதும் அந்தக் கடிதத்தில் இருந்தே ஆக வேண்டும்.

அடுத்தது நேரம். சவூதி, குவைத், கத்தார் மூன்றும் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கின்றன. துபாயும் அபுதாபியும் ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். ரியாத்தில் இருப்பவன் வேலை முடிந்து, குளித்து, சமைத்துச் சாப்பிட்டு நிமிரும்போது அங்கே இரவு 8.30 மணி என்றால் இங்கே 11 மணி; அம்மா தூங்கியிருப்பாள் என்று விட்டுவிடுகிறான். அம்மாவோ காலை 5.30 மணிக்குக் கோலம் போட்ட கையோடு கூப்பிடுகிறாள். அங்கே அப்போது விடியற்காலை 3 மணி. அந்த நேரத்தில் வீட்டிலிருந்து வந்த தவறிய அழைப்பைப் பார்க்கும் பிள்ளைக்கு முதலில் தோன்றுவது, யாருக்கு என்ன ஆயிற்று என்பதுதான். வெளிநாட்டில் இருக்கும் எவரிடமும் கேட்டுப் பாருங்கள், இதையே சொல்வார்கள். வீட்டு எண்ணைக் கண்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும் நிலை வந்த பிறகு, ஆசையாக எப்படிப் பேசுவான்? அதனால் அவசர அழைப்பையும் சாதாரண அழைப்பையும் பிரித்துக் காட்ட ஓர் ஏற்பாடு வேண்டும்.

பணப் பேச்சையும் பிரித்து வைக்க வேண்டும். சீட்டுக்குக் கட்ட வேண்டியது, நகைக்கடன் வட்டி, தங்கையின் காலேஜ் கட்டணம் எல்லாம் உண்மையான தேவைகள்தாம். ஆனால் ஒவ்வொரு பேச்சின் கடைசியிலும் அவை வருமானால், பேச்சு தொடங்கும்போதே அவன் அந்தக் கடைசிக்காகக் காத்திருப்பான்.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்து இரண்டாவதாக எழுதிய கடிதத்தைப் படிக்கிறேன்.

"அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் அறையில் இருக்கும் பிள்ளைகளும் நலமாக இருக்கிறீர்களா?

கண்ணு, உன் குரலைக் கேட்க வேண்டும் போல் இருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன். பேசாத நாட்களைப் பற்றி இதில் ஒன்றும் கேட்கவில்லை, போனிலும் கேட்க மாட்டேன். ஒரு மாதம் கழித்துப் பேசினாலும், நேற்றுப் பேசியவன் இன்றைக்குப் பேசுவது போலவே நீ பேசலாம்.

வெள்ளிக்கிழமை உனக்கு விடுமுறை. அங்கே காலை 9 மணி என்றால் இங்கே 11.30. சமையலை முடித்துவிட்டு அந்த நேரத்தில் நான் சும்மாதான் இருப்பேன். முடிந்தால் அப்போது பேசு. மற்ற நாளில் வேலைக்கு வேனில் போகும்போது இரண்டு நிமிடம் பேசினாலும் எனக்குப் போதும். அதுவும் முடியாவிட்டால் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடு, இரண்டு மூன்று தடவை போட்டுக் கேட்டுக்கொள்வேன். எந்த வெள்ளிக்கிழமையாவது தூங்கிப் போய்விட்டால் தூங்கு, பதறி எழ வேண்டாம்.

இங்கே ஏதாவது அவசரம் என்றால் உன் தம்பி அடுத்தடுத்து இரண்டு தடவை கூப்பிடுவான். என் போனிலிருந்து ஒரு தடவை வந்தால் அது சும்மா பேச என்று தெரிந்துகொள். பண விஷயம் எதுவானாலும் சம்பள வாரத்தில் தம்பி எழுதி அனுப்புவான். நாம் இருவரும் பேசும்போது அந்தப் பேச்சு வேண்டாம்.

போன மாதம் எனக்குத் தலை சுற்றியது. உன்னிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் பார்த்தார், பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். இப்போது அந்த மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறது. இனி உடம்புக்கு வந்தால் வந்தது என்றே சொல்வேன். நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் நீ நம்பலாம். நீயும் அப்படியே சொல்லு.

நம் வீட்டு ஃபிரிட்ஜ் பின்பக்கம் ஓயாமல் சத்தம் போடுகிறது. ரிப்பேர்க்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் உன்னிடம் காட்டலாம் என்று இருக்கிறேன். பேசும்போது வீடியோவில் பார்த்துச் சொல்."

ஃபிரிட்ஜைப் பற்றிய அந்தப் பத்தியைச் சேர்க்கச் சொன்னது அவருடைய இளைய மகன். எனக்கு முதலில் அது பொருந்தாமல் பட்டது. ஆனால் அந்தக் கடிதத்தில் மிக நன்றாக வேலை செய்தது அதுதான். வெளிநாட்டுக்குப் போன பிள்ளை வீட்டில் பணம் அனுப்புகிறவனாக மட்டும் சுருங்கிவிடுகிறான். தனக்குத் தெரிந்த ஒன்றை அம்மா கேட்கிறாள் என்றால் அவன் மறுபடியும் அந்த வீட்டின் பிள்ளையாகிறான். அடுத்த வெள்ளிக்கிழமையே அவன் வீடியோவில் கூப்பிட்டான். ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுக்கச் சொன்னான். பின்னால் இருந்த தூசியைத் தட்டச் சொன்னான். பிறகு ஒரு செய்தித்தாள் துண்டைக் கதவு ரப்பருக்கு இடையில் வைத்து மூடி, வெளியிலிருந்து இழுத்துப் பார்க்கச் சொன்னான். தாள் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் தளர்ந்துவிட்டது, குளிர் வெளியே போகிறது, அதனால்தான் மோட்டார் நிற்காமல் ஓடுகிறது என்று விளக்கினான். அந்த வேலைக்கு நடுவில்தான் தன் மேஸ்திரி மாறிவிட்டதையும், புது இடத்தில் சாப்பாடு பிடிக்கவில்லை என்பதையும் அவனாகவே சொல்லியிருக்கிறான். நேருக்கு நேர் உட்கார்ந்து "சொல்லு, என்ன விசேஷம்" என்று கேட்டிருந்தால் "ஒன்றும் இல்லை" என்றுதான் பதில் வந்திருக்கும்.

இதைக் கடிதமாகவே எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் அவன் அந்த நொடியே பதில் சொல்ல வேண்டியிருக்கும். சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவான். எழுதியதைத் தனியாக, தனக்கு ஏற்ற நேரத்தில் படிக்கலாம். ஊரிலிருந்து அங்கே போகிறவர் யாராவது இருந்தால் ஊறுகாய்ப் பாட்டிலோடு கொடுத்து அனுப்பலாம். இல்லையென்றால் கையால் எழுதியதைப் படம் பிடித்து அனுப்பினாலும் போதும். அனுப்பிய பிறகு "படித்தாயா?" என்று கேட்காமல் இருக்க வேண்டும். அது நம்மில் பலருக்குக் கடிதம் எழுதுவதைவிடக் கடினமாக இருக்கும்.

கடிதத்தால் தீராத மௌனமும் ஒன்று உண்டு. அதைத் தாய்மார்கள் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். பணம் நாள் தவறாமல் வருகிறது, மனைவியிடமும் நண்பர்களிடமும் பேசுகிறான், அம்மாவிடம் மட்டும் பேசுவதில்லை என்றால், அது பெரும்பாலும் நான் இதுவரை சொன்ன கூச்சம்தான். எல்லோரிடமும் ஒரே சமயத்தில் பேச்சு நின்றுவிட்டது, பணமும் நின்றுவிட்டது, அல்லது எழுத்துச் செய்தி மட்டும் வருகிறது, குரலையோ முகத்தையோ காட்ட மறுக்கிறான் என்றால், அவனுக்கு அங்கே ஏதோ தொல்லை இருக்கலாம். சம்பளம் தராமல் இழுத்தடிக்கிறார்களா, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்களா, உடம்புக்கு முடியவில்லையா என்பதை அவனோடு அறையில் இருப்பவர்களிடம் விசாரிக்க வேண்டும். அதற்காகவே அறைத் தோழர் ஒருவரின் எண்ணையும், கம்பெனியின் பெயரையும், பாஸ்போர்ட், விசா நகல்களையும் அவன் ஊரில் இருக்கும்போதே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தொல்லை உண்மை என்று தெரிந்தால், அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்திலும், வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்திலும், நம் மாநில அரசின் அயலகத் தமிழர் நலத் துறையிலும் குடும்பத்தினர் முறையிடலாம். அந்த நகல்கள் இருந்தால், யாரைப் பற்றி, எந்தக் கம்பெனியைப் பற்றிக் கேட்கிறோம் என்பதை முதல் மனுவிலேயே தெளிவாக எழுதிவிடலாம்.