எக்ஸ்போர்ட் செய்த சிஎஸ்வி திரும்பி வரும்போது: ஒரு ஐஎஸ்பிஎன் படும் பாடு

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குத் தேடல் வசதி பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வீடியோவுக்குப் போகட்டும். இந்த வாரம் வேறொரு விஷயம் என்னைக் கொதிக்க வைத்துவிட்டது, அதைப் பேசாமல் வேறெதையும் பேச முடியாது.

நாம் கட்டிக்கொண்டிருக்கும் புத்தகப் பட்டியல் செயலி உங்களுக்குத் தெரியும். அதே மாதிரி வேறொரு செயலியை ஒரு நண்பர் பல வருடமாகப் பயன்படுத்துகிறார். பட்டியலை சிஎஸ்வியாக எக்ஸ்போர்ட் செய்தார், எக்செல்லில் திறந்தார், சில தலைப்புகளில் எழுத்துப்பிழை திருத்தினார், சேமித்தார், திரும்ப இம்போர்ட் செய்தார். செயலி பச்சை நிறத்தில் "வெற்றி" என்று காட்டியது. உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே பதிப்பகத்தின் தொடர் வரிசை முழுவதும் ஒற்றைப் புத்தகமாகச் சுருங்கிக் கிடக்கிறது! அவர் எழுதி வைத்த குறிப்புகளும் போய்விட்டன. அவர் செய்தது முழுக்க நியாயமான வேலை. எக்ஸ்போர்ட் என்று ஒரு பொத்தான் வைத்தால், மனிதர்கள் அதை விரிதாளில் திறக்கத்தான் செய்வார்கள். அதை எதிர்பார்க்காத இம்போர்ட் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

சரி, என்ன நடந்தது என்று பார்ப்போம். நாம் எப்போதும் உதாரணத்துக்கு எடுக்கும் எண்ணையே எடுத்துக்கொள்கிறேன்: 9780306406157. பதின்மூன்று இலக்க ஐஎஸ்பிஎன். சிஎஸ்வியில் இது வெறும் எழுத்துகள்தான், ஏனென்றால் "இது எண், இது எழுத்து" என்று சொல்லி வைக்க சிஎஸ்வியில் இடமே கிடையாது. எக்செல் திறக்கும்போது தானாக ஊகிக்கிறது. இலக்கங்கள் மட்டும் இருப்பதால் எண் என்று முடிவு செய்கிறது. பன்னிரண்டு இலக்கமோ அதற்கு மேலோ இருந்தால் சாதாரணக் கட்டத்தில் அதைச் சுருக்கிக் காட்டும். திரையில் 9.78031E+12 என்று தெரியும்.

இந்த நொடி வரைக்கும் எதுவும் தொலையவில்லை, இதைக் கவனியுங்கள். கட்டத்துக்குள் முழு எண்ணும் இருக்கிறது. அந்த நெடுவரிசையைத் தசமம் இல்லாத எண் வடிவத்துக்கு மாற்றினால் பதின்மூன்று இலக்கமும் திரும்பத் தெரியும். ஆனால் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது எக்செல் கண்ணுக்குத் தெரிவதைத்தான் எழுதுகிறது. கோப்பில் 9.78031E+12 என்றே பதிவாகிறது. அதற்கப்புறம் மீட்க வழியே இல்லை. விரித்து எழுதினால் 9780310000000. 9780306 என்று தொடங்கும் எந்த ஐஎஸ்பிஎன்னாக இருந்தாலும் இதே உருவத்துக்குத்தான் வந்து சேரும். ஒரு பதிப்பகத்தின் புத்தகங்களுக்கு முன்பகுதி பொதுவாக ஒன்றாகவே இருக்கும், இல்லையா? அந்தச் செயலி ஐஎஸ்பிஎன்னை வைத்துத்தான் "இந்தப் புத்தகம் ஏற்கெனவே இருக்கிறதா" என்று பார்க்கிறது. இருக்கிறது என்று நினைத்து ஒன்றின்மேல் ஒன்றாக எழுதிக்கொண்டே போயிருக்கிறது. கடைசி வரிசை மட்டும் மிஞ்சியது.

"மேற்கோள் குறிக்குள் போட்டால் சரியாகிவிடுமே" என்று சிலர் எழுதுவீர்கள். ஆகாது. சிஎஸ்வியில் இரட்டை மேற்கோள் குறி இருப்பது உள்ளே கமாவோ, புது வரியோ வரும்போது கட்டத்தைக் காப்பாற்றத்தான். ஆர்எஃப்சி 4180 என்று 2005-இல் வந்த ஆவணம் அதைத்தான் சொல்கிறது. எக்செல் குறிகளைக் கழற்றிவிட்டு, உள்ளே இருப்பதை வழக்கம்போல எண்ணாக்கிவிடும். இன்னும் சிலர் `="9780306406157"` என்று சூத்திரமாக எழுதச் சொல்வார்கள். எக்செல்லில் வேலை செய்யும், உண்மைதான். ஆனால் அந்தக் கோப்பை விரிதாள் அல்லாத வேறு நிரல் படித்தால் சமன் குறியும் சேர்ந்துதான் கிடைக்கும். ஒரு நிரலுக்காக எல்லோருடைய தரவையும் அழுக்காக்குவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

எனக்கு இந்த வாரத்தின் பெரிய சந்தோஷம் என்ன தெரியுமா? ஒரு சின்னக் கோடு! ஐஎஸ்பிஎன்னை 978-0306406157 என்று எக்ஸ்போர்ட் செய்கிறேன். 978-க்கு அப்புறம் ஒரே ஒரு கோடு, அவ்வளவுதான். அது இருந்தால் எக்செல்லுக்கு அது எண் இல்லை, எழுத்து. தொடாமல் அப்படியே வைத்துவிடுகிறது. திறந்து, திருத்தி, சேமித்து, திரும்பத் திறந்து பார்த்தேன்: கோடும் இருக்கிறது, பதின்மூன்று இலக்கமும் இருக்கிறது. ஐஎஸ்பிஎன்னைக் கோடு போட்டு அச்சிடுவது வழக்கம்தான் என்பதால் படிப்பவருக்கும் உறுத்தாது. இம்போர்ட் செய்யும்போது கோடுகளை எடுத்துவிட வேண்டும், ஒரு வரி வேலை. இதைச் செய்து முடித்ததும் எழுந்து நடந்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன், அவ்வளவு திருப்தி.

ஆனால் எக்ஸ்போர்ட்டை மட்டும் சரி செய்தால் போதாது. பழைய கோப்புகள் வரும், வேறு செயலியிலிருந்து வரும். அங்கேதான் சரிபார்ப்பு தேவைப்படுகிறது. ஐஎஸ்பிஎன்னுக்கு ஒரு வரப்பிரசாதம் இருக்கிறது: கடைசி இலக்கம் சோதனை இலக்கம். முதல் பன்னிரண்டு இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள். நம் எண்ணுக்கு 93 வருகிறது. அடுத்த பத்தின் மடங்கு 100. வித்தியாசம் 7. கடைசி இலக்கமும் 7, பொருந்துகிறது. இப்போது சிதைந்த 9780310000000-ஐப் போடுங்கள். கூட்டுத்தொகை 44, அடுத்தது 50, வித்தியாசம் 6. ஆனால் கடைசியில் இருப்பது 0. பிடிபட்டுவிட்டது.

சோதனை இலக்கம் மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள். கூட்டுத்தொகை தற்செயலாகப் பத்தின் மடங்காக வந்துவிட்டால், சிதைந்த எண்ணும் தேறிவிடும். அதனால் நான் இன்னும் இரண்டு விஷயம் பார்க்கிறேன். `E+` இருந்தால் உடனே நிராகரிப்பு. கடைசி ஏழு இலக்கமும் பூஜ்யமாக இருந்தாலும் நிராகரிப்பு. செய்தியும் "தவறான ஐஎஸ்பிஎன்" என்று மொட்டையாக வராது. "17-ஆம் வரிசை, ஐஎஸ்பிஎன்: 9.78031E+12 என்று இருக்கிறது. விரிதாள் இதைச் சுருக்கிவிட்டது, மூலக் கோப்பிலிருந்து முழு எண்ணை எடுத்துப் போடுங்கள்" என்று வரும்.

அந்த 17 எப்படி வருகிறது என்பதும் முக்கியம். கோப்பின் வரிகளை எண்ணினால் தப்பு. குறிப்பு நெடுவரிசையில் யாராவது இரண்டு பத்தி எழுதியிருந்தால், ஒரு வரிசையே கோப்பில் பல வரிகளாகப் பரவும். பயனர் பார்ப்பதோ விரிதாளின் இடது ஓரத்து எண். தலைப்பு வரிசை அங்கே 1, முதல் புத்தகம் 2. அதனால் நானும் 2-இலிருந்து எண்ணுகிறேன். திரையில் பாருங்கள்:

```python
with open("books.csv", newline="", encoding="utf-8-sig") as f:
    rows = list(csv.DictReader(f))

errors = []
for n, row in enumerate(rows, start=2):
    errors += check(n, row)

if not errors:
    save_all(rows)
```

`save_all` கடைசியில், ஒரே ஒரு முறை. எல்லா வரிசையையும் பார்த்து முடிக்கும் வரை தரவுத்தளத்தைத் தொடுவதில்லை. `save_all`-க்குள்ளேயும் எல்லாம் ஒரே பரிவர்த்தனைக்குள் நடக்கிறது, நடுவில் ஏதாவது தடுக்கினால் முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பாதி ஏறி, பாதி நிற்கும் இம்போர்ட்தான் உலகத்திலேயே மோசமான இம்போர்ட். திருத்தி மறுபடி ஏற்றினால் ஏறியவை இரட்டிப்பாகுமா, ஆகாதா என்று பயனர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். அதேபோல முதல் பிழையிலேயே நிற்காமல் எல்லாப் பிழைகளையும் சேர்த்துக் காட்டுங்கள். ஒன்றைத் திருத்தி ஏற்ற, அடுத்தது வர, அதைத் திருத்தி ஏற்ற... யாருக்குப் பொறுமை இருக்கும்?

அட, `utf-8-sig` பற்றிச் சொல்லாமலே தாண்டி வந்துவிட்டேனே. கொஞ்சம் பின்னால் போவோம். தமிழ்த் தலைப்புகள் எக்செல்லில் `à®…` என்று கொத்துக் கொத்தாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். கோப்பு யூடிஎஃப்-8 என்று எக்செல்லுக்குத் தெரியவில்லை, அதுதான் காரணம். கோப்பின் தொடக்கத்தில் `EF BB BF` என்று மூன்று பைட் போட்டால் புரிந்துகொண்டு தமிழை ஒழுங்காகக் காட்டும். அதனால் எக்ஸ்போர்ட்டில் அதைப் போடுகிறேன். ஆனால் திரும்பப் படிக்கும்போது வெறும் `utf-8` என்று திறந்தால், அந்த மூன்று பைட்டும் முதல் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். `id` என்பது `\ufeffid` ஆகிவிடும். "id நெடுவரிசை இல்லை" என்று பிழை வரும், கோப்பைத் திறந்தால் `id` கண்ணெதிரே இருக்கும்! பேய் பிடித்த மாதிரி இருக்கும். `utf-8-sig` அந்த மூன்று பைட் இருந்தால் கழற்றிவிடும், இல்லாவிட்டாலும் குறை சொல்லாது.

தேதியும் இருக்கிறது. நாம் 2024-04-03 என்று எழுதி அனுப்புகிறோம். விரிதாள் அதைத் தேதியாக்கி, அந்தக் கணினியின் அமைப்புப்படி 03-04-2024 என்றோ 4/3/2024 என்றோ சேமிக்கிறது. வந்த கோப்பில் 03-04-2024 என்று இருந்தால் அது ஏப்ரலா, மார்ச்சா? ஒற்றைக் கட்டத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. நெடுவரிசை முழுவதையும் பாருங்கள். எங்காவது முதல் இடத்தில் 12-ஐத் தாண்டிய எண் இருந்தால் நாள்தான் முன்னால் வருகிறது. இரண்டாம் இடத்தில் இருந்தால் மாதம் முன்னால். இரண்டு இடத்திலும் இருந்தால் கோப்பு கலந்து கிடக்கிறது, நிராகரியுங்கள். எங்குமே இல்லையென்றால் பயனரிடம் ஒரே ஒரு முறை கேளுங்கள், அவருடைய கோப்பிலிருந்தே ஒரு தேதியைக் காட்டி. மௌனமாக ஊகிக்கும் நிரல்களை நான் நம்புவதில்லை.

கடைசியாக, இதையெல்லாம் எப்படிச் சோதிக்கிறேன் என்று போன வீடியோவின் கீழே கேட்டிருந்தீர்கள். பட்டியலை எக்ஸ்போர்ட் செய்து, காலியான தரவுத்தளத்தில் இம்போர்ட் செய்து, அங்கிருந்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்கிறேன். இரண்டு கோப்பும் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்க வேண்டும். வரிசைகள் இடம் மாறினால் வீண் வித்தியாசம் காட்டும், அதனால் எப்போதும் `id` வரிசைப்படி எழுதுங்கள். அப்புறம் அதே சுற்று, நடுவில் விரிதாளில் திறந்து சேமித்து. நேற்று இரவு அந்தச் சுற்றிலும் `diff` எதுவுமே காட்டவில்லை, வெறும் வெற்றுத் திரை! சோதனைக் கோப்பில் கமா உள்ள தலைப்பு, மேற்கோள் குறி உள்ள தலைப்பு, இரண்டு பத்திக் குறிப்பு, காலியான தேதி, தமிழ்த் தலைப்பு எல்லாம் இருக்கின்றன. கோப்பை விளக்கப் பகுதியில் போட்டிருக்கிறேன், எடுத்து உங்கள் செயலியில் ஏற்றிப் பாருங்கள். எந்த வரிசையில் மாட்டியது என்று எழுதுங்கள், வரிசை எண்ணோடு.