கருப்பட்டியின் உறையில் எழுத வேண்டியது

(தூத்துக்குடி மாவட்டத்தில் நடந்த மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் மகளிர் திட்ட அலுவலர் அவர்களே, கடன் விண்ணப்பங்களைப் பொறுமையோடு படித்துப் பார்க்கும் நம் வங்கி மேலாளர் அவர்களே, ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் தலைவி அம்மா அவர்களே, இந்தப் பந்தலுக்கு இடம் தந்த ஊர்ப் பெரியவர்களே, எல்லோருக்கும் முன்பாக வந்து பாய் விரித்து ஒலிபெருக்கியையும் கட்டி வைத்த ஊக்குநர்களே, பிரதிநிதிகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாக ஒரு சிப்பம் கருப்பட்டியைக் கையில் கொடுத்து வரவேற்றீர்கள். அந்தக் கருப்பட்டியைப் பற்றியே பேசப்போகிறேன்.

உறையில் எழுதும் வாசகம், அதில் சொல்லக்கூடாத பொய், அந்தப் பொட்டலத்தின் விலை என்று மூன்று செய்திகளைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். மூன்றுக்கும் என் பாட்டி அடிக்கடி சொன்ன ஒரு பழமொழி போதும்: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் நடந்த ஒரு விற்பனைக் கண்காட்சிக்கு, நம் பக்கத்துக் குழு ஒன்றுக்குத் துணையாகச் சென்றிருந்தேன். கடைக்கு மேலே கட்டியிருந்த பதாகையில் ‘வறுமையில் வாடும் ஏழைத் தாய்மார்களின் கண்ணீரைத் துடைக்க ஒரு கட்டி கருப்பட்டி வாங்குங்கள்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. எழுதிக் கொடுத்தவர் நல்ல மனம் படைத்தவர். அதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. மாலையில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய பெரியவர் பதாகையை நின்று படித்தார், கண் கலங்கினார், 500 ரூபாய்த் தாளை மேசைமேல் வைத்தார். கடையில் இருந்த அக்கா அரைக் கிலோ எடைபோட்டு, ஓலைப் பெட்டியில் வைத்து, மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவர் கைகூப்பிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். பெட்டியும் சில்லறையும் மேசையிலேயே கிடந்தன. அக்கா விடவில்லை. ஒரு கையில் பெட்டியும் மறு கையில் சில்லறையுமாக, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் ஓடினார். புறப்பட்ட காரின் கண்ணாடியைத் தட்டி நிறுத்தி, “ஐயா, நான் கொடுக்க வந்தவ, வாங்க வந்தவ இல்ல. இதைத் தின்னு பாத்துட்டு, நல்லா இருந்தா நாளைக்கு வாங்க” என்று சொல்லி இரண்டையும் அவர் மடியில் வைத்துவிட்டு வந்தார். மூச்சு வாங்கியபடி திரும்பியவர் செய்த முதல் வேலை, நாற்காலியைப் போட்டு ஏறிப் பதாகையைக் கழற்றியதுதான். மறுநாள் அந்தப் பெரியவர் வந்தார். 2 கிலோ வாங்கினார். சில்லறையையும் எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

இரக்கத்தால் வாங்குபவர் பொருளைப் பார்ப்பதில்லை. அதனால் இன்னொரு முறை வருவதும் அரிது. அந்தப் பதாகையில் ஒரு பிழையும் அடங்கியிருக்கிறது. சுய உதவிக் குழு முயற்சி நம் மாநிலத்தில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. 1992 முதல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைத்தது. சேமிப்பையும் வரவு செலவுப் பதிவையும் பார்த்துத்தான் வங்கி அடமானமில்லாமல் கடன் தருகிறது. வங்கியின் பேரேட்டில் நம்பத் தகுந்த கடன்தாரராக இருக்கும் ஒரு பெண்ணைப் பதாகையில் மட்டும் ஆதரவற்றவளாக ஆக்குவது என்ன கணக்கு? பாராட்டிலும் இதே ஆபத்து உண்டு. ‘சிங்கப் பெண்களின் வெற்றிப் பயணம்’ என்று எழுதினாலும், பெட்டிக்குள் இருப்பது கருப்பட்டியா கடலைமிட்டாயா என்பது தெரியாது. இரக்கமானாலும் புகழானாலும், ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும்.

அப்படியானால் எதை எழுதுவது? வேலையை எழுதுங்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறங்குகிறது. சுண்ணாம்பு இல்லையென்றால் அது புளித்துக் கள்ளாகிவிடும். வடிகட்டிய பதநீரை அகன்ற சட்டியில் ஊற்றிக் காய்ச்சுகிறீர்கள். பொங்கி வரும்போது ஆமணக்கு விதையைத் தட்டிப் போட்டு நுரையை அடக்குகிறீர்கள். பாகு இறுகி வரும்போது ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்கிறீர்கள். உருண்டு நின்றால் பதம். கரைந்தால் இன்னும் காய வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் அடிப்பிடித்துக் கசந்துவிடும். பிறகு சிரட்டையில் ஊற்றி ஆறவைக்கிறீர்கள். 1 கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். இவ்வளவு செய்தி கையில் இருக்கும்போது கண்ணீரை எதற்குத் தேடிப் போக வேண்டும்?

சென்ற மாதம் ஒரு குழுவுக்காக நான் எழுதிய வாசகம் இது: ‘பங்குனிப் பதநீர். 10 லிட்டரை வேளாவேளைக்கு அடுப்பூதிக் காய்ச்சினால் 1 கிலோ. காய்ச்சியவர்கள் எங்கள் குழுவின் 12 பேர்.’ நான் எழுதியதைப் புதன்கிழமைக் கூட்டத்தில் வாசித்தேன். மூத்த உறுப்பினர் ஒருவர் இடைமறித்து, “அடுப்ப யாரும் ஊதலாம் தம்பி, பதத்தச் சொல்லுங்க” என்றார். இன்னொருவர், “பனையேறுனவங்களை விட்டுட்டீங்களே” என்றார். மூன்றாமவர், “மழைக்காலத்துல கசியும்னு எழுதுங்க, இல்லேன்னா கெட்டுப்போச்சுன்னு திருப்பிக் கொண்டு வருவாங்க” என்றார். என் மேசையில் உட்கார்ந்து நூறு முறை எழுதியிருந்தாலும் இந்த மூன்றில் ஒன்றுகூட எனக்குத் தோன்றியிருக்காது. திருத்திய வாசகத்தைக் கேளுங்கள்:

‘பங்குனியில் எங்கள் ஊர்ப் பனையேறிகள் இறக்கிய பதநீர். 10 லிட்டர் சுண்டி 1 கிலோ ஆகும்வரை காய்ச்சி, தண்ணீரில் உருட்டிப் பதம் பார்த்து இறக்கியவர்கள் எங்கள் குழுவின் 12 பெண்கள். சீனி சேர்க்கவில்லை. மழைக்காலத்தில் கசியும், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.’

இதில் ஏழை என்ற சொல் இல்லை, வீரம் என்ற சொல்லும் இல்லை. ஆனால் படிப்பவருக்கு அந்த 12 பேரையும் தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது செய்தி, பொய். சந்தையில் மொத்தமாக வாங்கிப் பொட்டலம் மட்டும் போடும் குழு, ‘பொதிந்தவர்கள்’ என்றே எழுத வேண்டும். ‘காய்ச்சியவர்கள்’ என்று எழுதலாகாது. கருப்பட்டியும் இனிப்புதான். சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று அச்சிடுவது ஒருவர் உடம்போடு விளையாடுவதாகும். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீட்டைப் போட்டுக்கொள்ள அதற்குரிய பதிவு வேண்டும். பக்கத்து ஊர் என்பதற்காக எடுத்து ஒட்டிவிடக்கூடாது. சீனி சேர்க்கவில்லை என்ற சொல்லும் அப்படித்தான். ஒரே ஒரு காய்ச்சலில் விலை குறைப்பதற்காகச் சீனி சேர்ந்துவிட்டால், அந்த உறைகளை அன்றைக்கே ஒதுக்கிவிட வேண்டும். பெயரைப் போட்டவர்கள் 12 பேர் என்பதால் ஒருவர் செய்த பிழை 12 பேர் தலையிலும் விழும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று பாட்டி சொன்னது சொல்லுக்கும் சேர்த்துத்தான்.

விலையைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். மேலாளர் அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆகவே அதை விட்டுவிட்டு, நான் எங்கே போனாலும் கேட்டுவரும் கோரிக்கைக்கு வந்துவிடுகிறேன். எந்த வாசகமும், எந்தப் புகைப்படமும், அச்சுக்குப் போகுமுன் குழுக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்கப்பட வேண்டும். எழுத்துத் தெரியாத உறுப்பினருக்கும் அது காதில் விழ வேண்டும். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அவர் பெயரும் படமும் நீங்க வேண்டும், காரணம் கேட்கக்கூடாது. ஒப்புக்கொண்டதைத் தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையொப்பமிட வேண்டும். கடனுக்குத் தீர்மானம் போடுகிறோம், சேமிப்புக்குப் போடுகிறோம். நம் கதையை ஊருக்குச் சொல்வதற்கும் போடுவோம். திட்ட அலுவலர் அவர்கள் இதை எல்லாக் குழுக்களுக்கும் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும் என்று இந்த மேடையிலேயே வேண்டிக்கொள்கிறேன்.

என் வாசகத்தைத் திருத்திய அந்தக் குழுவின் நோட்டு இங்கே வந்திருக்கிறது. 12 கையொப்பங்களில் 3 கைநாட்டு. கூட்டமைப்புத் தலைவி அம்மா அவர்கள் அந்தத் தீர்மானத்தை இப்போது வாசிப்பார்கள். நன்றி, வணக்கம்.