அரை வருஷத்துக்கு 3,742 ரூபாய்: நான் பார்க்காமலே விட்ட ஒரு கட்டம்

வணக்கம் மக்களே. இன்னைக்கு மாடித் தோட்டம் கிடையாது, சமையல் கிடையாது. உக்காந்து பேசப் போறேன். நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பிடிஎஃப்-ஐத் திறந்தேன், அப்புறம் தூக்கமே வரல.

என் நீல நோட்டு உங்களுக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை காலைல காபியோட உக்காந்து பால்காரர் கணக்கு, கேஸ், கரண்ட் பில்லுன்னு எல்லாத்தையும் எழுதுவேன். ஒரு ரூபாய் இடிச்சாலும் எனக்கு ஆகாது. அந்த நோட்டுல எட்டு வருஷமா எழுதாத ஒரு செலவு இருக்குன்னு நேத்துதான் தெரிஞ்சுது.

செப்டம்பர் முடிஞ்சா மியூச்சுவல் ஃபண்டு வச்சிருக்கவங்களுக்கு அரையாண்டு ஸ்டேட்மென்ட் ஒண்ணு மெயில்ல வரும். நம்ம எல்லா ஃபண்டும் ஒரே கோப்புல இருக்கும், கன்சாலிடேட்டட் அக்கவுண்ட் ஸ்டேட்மென்ட்னு பேரு. மார்ச் முடிஞ்சதும் ஒண்ணு வரும். அதுக்குப் பாஸ்வேர்டு நம்ம பேன் நம்பர். நானும் போட்டேன், தப்புங்குது. திரும்பப் போட்டேன், தப்புங்குது. பேன் கார்டைத் தேடி அலமாரியைக் கொட்டி, எழுத்து எழுத்தா பார்த்துப் போட்டேன், அப்பவும் திறக்கல. முக்கால் மணி நேரம் போச்சு! கடைசில பார்த்தா எழுத்தெல்லாம் கேப்பிட்டல்ல இருக்கணும், நான் சின்ன எழுத்துல போட்டுட்டு இருந்திருக்கேன். உங்களுக்கும் திறக்கலன்னா முதல்ல அதைப் பாருங்க. இதை அந்த மெயில்லயே பெரிசா போட்டா என்னங்க?

சரி, திறந்துச்சு. மொத்த மதிப்பு 8 லட்சத்து 60 ஆயிரம்னு பார்த்து சந்தோஷம். வழக்கமா அதோட மூடிருவேன். நேத்து பட்ட பாட்டுக்கு, முழுசா படிக்காம விடறதில்லைன்னு கீழ வரைக்கும் போனேன். அங்க ஒரு கட்டம். இந்த ஆறு மாசத்துல உங்க முதலீட்டுக்காக விநியோகஸ்தருக்குக் கொடுத்த கமிஷன், 3,742 ரூபாய். பக்கத்துலயே சதவீதக் கணக்குல ரெண்டு எண் போட்டிருக்கு. ஃபண்டு நடத்துற செலவுன்னு நம்ம பணத்துல வருஷத்துக்கு எடுக்கிற சதவீதம்தான் எக்ஸ்பென்ஸ் ரேஷியோ. அது என்கிட்ட இருக்கிற ரெகுலர் பிளான்ல 1.78, ஏஜென்ட் இல்லாம நேரா வாங்கற டைரக்ட் பிளான்ல 0.72.

இந்தக் கட்டம் புதுசு இல்ல. மியூச்சுவல் ஃபண்டுகளைக் கண்காணிக்கிற செபி 2016-லயே உத்தரவு போட்டு, கமிஷனை ரூபாய்ல காட்டணும்னு சொல்லிடுச்சு. நான்தான் ஒரு தடவைகூட அதுவரைக்கும் போனதில்ல.

இருங்க, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். இந்த ஃபண்டு எப்படி வந்துச்சுன்னு சொல்லலையே. எட்டு வருஷத்துக்கு முன்னாடி சம்பளக் கணக்கு இருந்த பேங்க்குக்கு லாக்கர் கேட்டுப் போனேன். அங்க ஒருத்தர் உக்கார வச்சு, டீ வாங்கிக் கொடுத்து, மாசாமாசம் 5,000 ரூபாய் ஃபண்டுல போற மாதிரி எஸ்.ஐ.பி. போட வச்சாரு. "இதுக்கு சார்ஜ் எவ்வளவு சார்?"னு கேட்டேன். கேட்டது நல்லா ஞாபகம் இருக்கு. "உங்க கையில இருந்து ஒண்ணுமே இல்லை மேடம், லாபத்துல ஒன்றரை சதவீதம் மாதிரி வரும்"னாரு. அந்த "லாபத்துல"ங்கிற வார்த்தைதான் பொய். எனக்குக் கோவம் அங்கதான்.

எக்ஸ்பென்ஸ் ரேஷியோ லாபத்துல எடுக்கிறது இல்ல. நம்ம மொத்தப் பணத்துல, அசல் லாபம் எல்லாம் சேர்த்து, அதுல எடுக்கிறது. மார்க்கெட் ஏறினாலும் எடுப்பாங்க, விழுந்தாலும் எடுப்பாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை இல்ல, தினமும். அந்தச் சதவீதத்தை 365-ஆ பிரிச்சு, ஒவ்வொரு நாள் பங்கையும் ஃபண்டுல இருந்து கழிச்ச பிறகுதான் அன்னைக்கு ஒரு யூனிட்டோட விலையான என்.ஏ.வி.யையே அறிவிப்பாங்க. அதனாலதான் ஸ்டேட்மென்ட்ல "கட்டணம்"னு ஒரு பிடித்தம் வர்றதே இல்ல. நம்ம பார்க்கிற என்.ஏ.வி. ஏற்கனவே கழிச்சது.

என் கணக்குக்கே போட்டுப் பார்த்தேன். 8,60,000-க்கு 1.78 சதவீதம்னா வருஷத்துக்கு 15,308 ரூபாய். நாளைக்கு 42 ரூபாய். ஞாயித்துக்கிழமைக்கும் உண்டு, தீபாவளிக்கும் உண்டு. அதே ஃபண்டு, அதே மேனேஜர், அதே பங்குகள், டைரக்ட் பிளான்ல இருந்திருந்தா நாளைக்கு 17 ரூபாய். வித்தியாசம் 25 ரூபாய். பால்காரர் கணக்குல அரை லிட்டர் கூட எழுதிட்டாருன்னு நான் தெருவுல நின்னு பேசினவ. இங்க தினமும் 25 ரூபாய், எனக்குத் தெரியவே தெரியாது.

டைரக்ட்னா என்னன்னு புதுசா வந்தவங்களுக்காக ஒரு வரி. 2013 ஜனவரி 1-ல இருந்து ஒவ்வொரு ஃபண்டுக்கும் ரெண்டு வழி இருக்கணும்னு செபி சொல்லிடுச்சு. நடுவுல ஏஜென்டோ பேங்கோ இருந்தா ரெகுலர், நேரா ஃபண்டு கம்பெனிகிட்ட போனா டைரக்ட். பணம் போற இடம் ஒண்ணுதான், ரெகுலர்ல கமிஷன் சேரும். உங்க ஃபண்டு பேர்ல Direct-னு இல்லன்னா அது ரெகுலர்தான். பழைய ஃபண்டு வச்சிருக்கவங்க ரெண்டு என்.ஏ.வி.யையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. அந்த ஜனவரில ரெண்டும் ஒரே இடத்துல கிளம்பினது. இன்னைக்கு இருக்கிற இடைவெளி முழுக்க இந்தச் செலவு வித்தியாசம்தான்.

இப்ப "ஒரு சதவீதம்தானேக்கா"ன்னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். நானும் அப்படித்தான் நினைச்சேன். அதனால விடிய விடிய நோட்டுல போட்டேன், இதோ காட்டறேன் பாருங்க. மாசம் 10,000 ரூபாய், 25 வருஷம். செலவு போக டைரக்ட்ல வருஷத்துக்கு 12 சதவீதம் நிக்குதுன்னு வச்சுக்குவோம், ரெகுலர்ல 11. பன்னிரண்டு கிடைக்கும்னு யாரும் உறுதி தர முடியாது. எனக்கு வேண்டியது ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற அந்த ஒண்ணு.

பத்து வருஷம் முடியறப்போ டைரக்ட் 23 லட்சத்து 23 ஆயிரம், ரெகுலர் 21 லட்சத்து 90 ஆயிரம். வித்தியாசம் ஒண்ணேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. பெரிசா உறைக்காது. இருபதாவது வருஷம் வித்தியாசம் பன்னிரண்டரை லட்சம். இருபத்தஞ்சாவது வருஷம் டைரக்ட் 1 கோடியே 89 லட்சம் தாண்டுது, ரெகுலர் 1 கோடியே 59 லட்சம். வித்தியாசம் 30 லட்சத்து 70 ஆயிரம்!

இந்த இடத்துல பேனாவைக் கீழ வச்சுட்டேன். ஏன்னா 25 வருஷம் மாசம் 10,000-னா நான் என் கையில இருந்து போட்ட மொத்தப் பணமே 30 லட்சம்தான். நான் போட்ட அளவுக்கு அந்த ஒரு சதவீதம் எடுத்துட்டுப் போகுது. அதுலயும் பாதிக்கு மேல கடைசி அஞ்சு வருஷத்துல போகுது. காரணம் இதுதான்: இன்னைக்குக் கழிக்கிற 25 ரூபாய் அதோட நிக்கிறதில்ல, அது உள்ளேயே இருந்திருந்தா 25 வருஷத்துல குட்டி போட்டிருக்கும். அந்தக் குட்டிகளும் சேர்ந்துதான் போகுது. தொகை பெருசாக ஆக, அதே ஒரு சதவீதம் பெரிய தொகையில இருந்து எடுக்குது.

ஒரு நியாயத்தையும் சொல்லிடறேன். எல்லா ஏஜென்டையும் நான் திட்டல. எங்க சித்தப்பா 2020 மார்ச்ல மார்க்கெட் விழுந்தப்போ எல்லாத்தையும் வித்துடறேன்னு நின்னாரு. அவரோட ஏஜென்ட் வீட்டுக்கே வந்து ரெண்டு மணி நேரம் பேசி நிறுத்தினாரு. அந்த மனுஷனுக்குக் கொடுத்த கமிஷன் தகும். என்னை உக்கார வச்சவரு மறு வருஷமே வேற கிளைக்குப் போயிட்டாரு. அதுக்கப்புறம் ஒரு போன்கூட வரல, கமிஷன் மட்டும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அந்தக் கட்டத்துல ஏறிட்டே இருக்கு.

சரி, என்ன பண்ணப் போறேன்? எல்லாத்தையும் உடனே டைரக்டுக்கு மாத்திடலாம்னுதான் நேத்து ராத்திரி கை துறுதுறுன்னுச்சு. நல்லவேளை அமுக்கல. ரெகுலர்ல இருந்து டைரக்டுக்கு மாத்தினா, அதே ஃபண்டா இருந்தாலும், வரிக் கணக்குல அது வித்து வாங்கினது. நான் போட்டது 5 லட்சம், லாபம் 3 லட்சத்து 60 ஆயிரம். என்னோடது மாதிரி ஷேர்ல போடற ஃபண்டுக்கு, ஒரு நிதியாண்டுல ஒண்ணேகால் லட்சம் வரைக்கும் நீண்டகால லாபத்துக்கு வரி இல்ல, மிச்சத்துக்கு 12.5 சதவீதம், மேல செஸ். ஒரே நாள்ல மாத்தினா கிட்டத்தட்ட 30,500 ரூபாய் வரி. நான் மிச்சம் பிடிக்கிறதோ வருஷத்துக்கு 9,000 சொச்சம்தான்.

அதனால பிரிச்சுப் பண்றேன். வர்ற மார்ச்ல ஒண்ணேகால் லட்சம் லாபம் வர்ற அளவுக்கு மட்டும் மாத்துவேன். ஏப்ரல் பிறந்தா புது நிதியாண்டு, திரும்ப ஒண்ணேகால் லட்சம். அதுக்கடுத்த ஏப்ரல்ல மீதி. பதிமூணு மாசத்துல முடிஞ்சிடும். நடுவுல மார்க்கெட் ரொம்ப ஏறினா லாபமும் கூடும், அப்ப கொஞ்சம் இழுக்கலாம். வேற ஷேர் எதையும் அந்த வருஷம் லாபத்துல விக்கக் கூடாது, அந்த ஒண்ணேகால் லட்சம் எல்லாத்துக்கும் சேர்த்துத்தான்.

ஆங், இன்னொண்ணு விட்டுட்டேன். வாங்கி ஒரு வருஷம் ஆகாத யூனிட்டைத் தொடக் கூடாது. அதுக்கு 20 சதவீதம் வரி, பல ஃபண்டுல சீக்கிரம் எடுத்தா பிடிக்கிற எக்ஸிட் லோடும் ஒரு சதவீதம் உண்டு. எஸ்.ஐ.பி.ல ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியா ஒரு வருஷம் எண்ணணும். விக்கிறப்போ முதல்ல வாங்கினதுதான் முதல்ல போகும், அதுல லாபம் அதிகமா இருக்கும். அதனால ஒண்ணேகால் லட்சம் லாபம்னா நீங்க நினைக்கிறதைவிடக் குறைவான யூனிட்தான் நகரும். எத்தனைன்னு ஃபண்டு கம்பெனியோட கேப்பிட்டல் கெயின்ஸ் அறிக்கையை வச்சுப் போட்டுக்கலாம்.

ஆனா புது எஸ்.ஐ.பி.க்கு வரி கிரி ஒண்ணும் கிடையாது, அதுக்கு ஏன் காத்திருக்கணும்? பழசை இன்னைக்குக் காலைல நிறுத்திட்டேன். அதே ஃபண்டோட டைரக்ட்ல, அவங்க வெப்சைட்லயே போய் 5,000 போட்டாச்சு. பத்து நிமிஷம்கூட ஆகல. நீல நோட்டுல புதுசா ஒரு பக்கம் ஆரம்பிச்சிருக்கேன், தேதி போட்டு, பக்கத்துல 0.72-னு எழுதியிருக்கேன். அந்த நம்பரையும் அவங்க மாத்தலாம், ஆனா மூணு வேலை நாளுக்கு முன்னாடி நமக்குத் தெரிவிக்கணும். அந்த மெயிலைப் படிக்காம அழிச்சிட்டிருந்தேன். இனிமே படிப்பேன்.

அம்மாவோட ஸ்டேட்மென்ட்டும் வந்திருக்கு. அவங்க பேன் நம்பர் ஊர்ல, டிரங்குப் பெட்டிக்குள்ள இருக்கு. சனிக்கிழமை போறேன். வரட்டுமா மக்களே!