பகல் தூக்கமும் லாக்டுலோஸ் பாட்டிலும்

(சிரோசிஸ் நோயாளிகளின் குடும்பத்தினருக்கான கூட்டத்தில் ஒரு கல்லீரல் மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இன்று நோயாளிகளிடம் நான் அதிகம் பேசப்போவதில்லை. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்களிடம்தான் பேச வந்தேன். இந்த நோயில் மூளை குழம்பும்போது, குழம்புகிறது என்று அந்த மனிதருக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் அவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்தான்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஐம்பத்து நான்கு வயது, லாரி புக்கிங் தொழில். குடியால் கல்லீரல் சுருங்கிப்போனது, அதுதான் சிரோசிஸ். இரண்டு வருடமாக ஒரு சொட்டும் தொடவில்லை. ஏற்கெனவே ஒருமுறை மனக்குழப்பம் வந்து அட்மிட் ஆகி, அப்புறம் தினமும் லாக்டுலோஸ் சிரப் குடித்து நன்றாக இருந்தவர். வெளியூரில் ஒரு கல்யாணம். ஐந்து மணி நேரப் பஸ் பயணம். வழியில் அவசரமாகக் கழிவறை தேட வேண்டியிருந்தால் மானம் போய்விடும் என்று வியாழக்கிழமையோடு சிரப்பை நிறுத்திவிட்டார். வெள்ளியும் சனியும் மலம் போகவில்லை. கல்யாண வீடு, யார் கவனிப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை இரவு அவர் தூங்கவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து பீரோவைத் திறந்து எதையோ தேடினார். திங்கள் பகலில் சோற்றுத் தட்டின் முன்னாலேயே கண் சொருகியது. "அலைச்சல், தூங்கட்டும்" என்று மனைவி விட்டுவிட்டார். செவ்வாய் இரவும் விழிப்புதான். பக்கத்து மருந்துக் கடையில் கேட்டு ஒரு தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். புதன்கிழமை சோப்புப் பெட்டியைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்தார். செக்கில் கையெழுத்துப் போடச் சொன்னால் பெயர் பாதியில் நின்றது. மைத்துனர் வந்து வாயை முகர்ந்து பார்த்து, "மாமா மறுபடி ஆரம்பிச்சுட்டார்" என்றார். இது எனக்கு வலிக்கிற இடம். குடியை விட்டு இரண்டு வருடம் ஆன மனிதரை, உளறுகிறார் என்பதற்காகக் குடிகாரர் ஆக்கிவிட்டார்கள். அந்தச் சண்டையில் இன்னும் அரை நாள் போயிற்று.

என்ன நடந்தது என்று பார்ப்போம். நாம் சாப்பிடும் புரதத்தையும் குடலில் இருக்கும் கழிவையும் கிருமிகள் உடைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. நல்ல கல்லீரல் அதைப் பிடித்து யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். சுருங்கிய கல்லீரலால் அது முழுதாக முடியாது. தவிர, அதன் வழியே போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பகுதி பக்கவழிகளில் புகுந்து, சுத்திகரிக்கப்படாமலே உடம்புக்குள் போகிறது. மூளையில் சேரும் அம்மோனியாதான் இந்தக் குழப்பத்துக்கு முக்கியக் காரணம். மருத்துவத்தில் இதை ஹெபடிக் என்செபலோபதி என்கிறோம். மலம் குடலில் எத்தனை நேரம் தங்குகிறதோ, அத்தனை நேரம் அம்மோனியா ஏறிக்கொண்டிருக்கும். இரண்டு நாள் மலச்சிக்கல் நமக்கு வயிற்று உப்புசத்தோடு போகும். அவருக்கு அதுவே மூளை வரை போகிறது.

தூக்கம் ஏன் முதலில் மாறுகிறது? நம் உடலில் பகலையும் இரவையும் பிரித்துக் காட்டும் மெலடோனின் என்கிற சுரப்பு, சிரோசிஸில் தாமதமாக உச்சத்துக்குப் போகிறது. அதோடு அம்மோனியாவும் சேர்ந்துகொள்ளும்போது பகலில் மந்தம், இரவில் விழிப்பு என்று தலைகீழாகிவிடுகிறது. சிரோசிஸ் இருக்கும் பலருக்குக் குழப்பம் இல்லாமலே தூக்கம் சரியாக இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உடம்பெல்லாம் அரிப்பு, சாயங்காலம் நீர் மாத்திரை எடுத்துவிட்டு இரவெல்லாம் பாத்ரூம் போவது, இவையும் காரணம். அதனால் ஒரு நாள் தூங்கவில்லை என்று ஓடிவர வேண்டாம். பழக்கமாக இரவில் தூங்குகிறவர் இரண்டு நாளாக மாறிவிட்டாரா, பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்கிறாரா, அதைப் பாருங்கள். அப்படி மாறினால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "நேற்று எத்தனை தடவை மோஷன் போனீர்கள்?"

அந்த இரவில் தூக்க மாத்திரை கொடுத்தது அடுத்த தவறு. அல்பிரசோலாம் மாதிரி மாத்திரைகளை இந்தக் கல்லீரலால் சீக்கிரம் வெளியேற்ற முடியாது. ஏற்கெனவே மந்தமான மூளை இன்னும் ஆழமாகப் போய்விடும். தூக்கம் வரவைக்கும் சளி, இருமல் மருந்துகளும், வலிக்குத் தரும் டிரமடால் மாதிரி மாத்திரைகளும் அதே வகைதான். மருந்துக் கடையில் கேட்கும்போது "இவருக்குக் கல்லீரல் பிரச்சினை" என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் மருந்து கேளுங்கள்.

புதன் சாயங்காலம் அவரை அழைத்து வந்தார்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, போக்குவரத்துப் போலீஸ் வண்டியை நிறுத்துவது மாதிரி மணிக்கட்டை மேலே மடக்கி, விரல்களை விரித்து வைக்கச் சொன்னோம். சில விநாடிகளில் கை சட்டென்று கீழே விழுந்து, மறுபடி எழுந்தது. பறவை சிறகடிக்கிற மாதிரி இருக்கும். இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம், அரை நிமிடம் போதும். இன்னொன்று, ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்கிறார் என்று எண்ணுங்கள். நன்றாக இருக்கும் நாளில் அவர் பதினேழு சொல்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், எட்டில் நிற்கும் நாளில் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும். பத்துக்குக் கீழே போனால் நாங்களும் சந்தேகப்படுவோம்.

ரத்தத்தில் அவருக்குப் பொட்டாசியம் குறைந்திருந்தது. நீர் மாத்திரையால் வந்தது அது. பொட்டாசியம் குறைந்தால் சிறுநீரகமே அதிக அம்மோனியாவை உண்டாக்கும். வயிற்று நீரை ஊசியில் எடுத்துப் பார்த்தோம், கிருமித்தொற்று இல்லை. ஆக, மலச்சிக்கல், தூக்க மாத்திரை, பொட்டாசியம், மூன்றும் சேர்ந்து அவரைக் கவிழ்த்திருந்தன. லாக்டுலோஸை 30 மில்லி வீதம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மலம் போகும்வரை கொடுத்தோம். பொட்டாசியம் ஏற்றினோம். மறுநாள் சாயங்காலம் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இட்லி இருக்கா?" என்று கேட்டார்.

லாக்டுலோஸ் ஒரு சர்க்கரை. ஆனால் நம் சிறுகுடலால் அதை உடைக்க முடியாது, அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கிருக்கும் கிருமிகள் அதைத் தின்று அமிலமாக்குகின்றன. அமிலத்தில் அம்மோனியா அயனியாக மாறிவிடுவதால் குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் நுழைவது குறைகிறது. அதோடு மலமும் இளகி வெளியேறுகிறது. பேதி மருந்து என்று நினைத்து, "மோஷன் நன்றாகப் போகிறதே, எதற்கு?" என்று நிறுத்துகிறவர்கள் இந்த முதல் வேலையை மறந்துவிடுகிறார்கள். டெல்லி ஜி.பி. பந்த் மருத்துவமனையில் ஒருமுறை குழப்பம் வந்து மீண்டவர்களை இரு பிரிவாக்கிப் பார்த்த ஆய்வு 2009-இல் வெளியானது. சுமார் பதினான்கு மாதத்தில் லாக்டுலோஸ் எடுத்தவர்களில் நூற்றுக்கு இருபது பேருக்குத் திரும்ப வந்தது. எடுக்காதவர்களில் நாற்பத்தேழு பேருக்கு வந்தது.

அளவு எவ்வளவு? 15 முதல் 30 மில்லி, நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை என்று தொடங்குவோம். ஆனால் இந்த மருந்தை மில்லியை வைத்து ஓட்டக் கூடாது, மலத்தை எண்ணித்தான் ஓட்ட வேண்டும். ஒரு நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை, களி மாதிரி இளகி, தண்ணீராக இல்லாமல் போக வேண்டும். ஒன்றோ பூஜ்யமோ என்றால் ஒரு வேளை கூட்டுங்கள். நாலு, ஐந்து என்று தண்ணீராகப் போனால் அளவைக் குறையுங்கள், ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். எவ்வளவு கூட்டலாம், எவ்வளவு குறைக்கலாம் என்று உங்கள் மருத்துவரிடம் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தித்திப்புத் தாங்கவில்லை என்றால் தண்ணீரில் கலந்து குடிக்கலாம். முதல் சில நாள் வாயு, உப்புசம் இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களும் எடுக்கலாம். பாட்டிலில் வேறு சர்க்கரைகள் சிறிது கலந்திருக்கும், சர்க்கரை அளவை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

அவர் கதை இங்கே முடியவில்லை. வீட்டுக்குப் போனதும் மகன் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். நல்ல பிள்ளை, பயந்த பிள்ளை. "திரும்ப வரவே கூடாது" என்று 30 மில்லியை நாலு வேளை கொடுத்தார். அப்பா ஏழெட்டுத் தடவை தண்ணீராகப் போனார், நீர் மாத்திரையும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் உதடு உலர்ந்து, சிறுநீர் குறைந்து, மறுபடி மந்தம். மகன் அதைப் பழைய குழப்பம் என்று நினைத்து இன்னொரு மூடி கொடுத்தார். வந்து பார்த்தால் சோடியம் ஏறியிருந்தது, சிறுநீரகம் தடுமாறுவதைக் காட்டும் கிரியாட்டினின் கூடியிருந்தது. உடம்பு வறண்டதால் வந்த குழப்பம் இது. சிரப்பையும் நீர் மாத்திரையையும் தற்காலிகமாக நிறுத்தி, நீரைச் சரிசெய்த பிறகுதான் தெளிந்தார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பிரித்துக் காட்டுவது அந்த மலக் கணக்குதான். மலம் போகாமல் மந்தமானால் ஒரு அர்த்தம், எட்டுத் தடவை போய் மந்தமானால் வேறு அர்த்தம்.

அதனால்தான் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கச் சொல்கிறேன். தேதி, சிரப் எத்தனை மில்லி, மலம் எத்தனை தடவை, இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், பகலில் எத்தனை. கடைசியில் அவருடைய கையெழுத்து. அந்தக் கையெழுத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் போன வாரத்துப் பக்கத்தோடு ஒப்பிட்டால் அது எனக்கு நிறையச் சொல்லும். கையெழுத்துக் கோணலாகிற நாளில் ஸ்கூட்டர் சாவியை எடுத்து வைத்துவிடுங்கள். அவர் சண்டை போடுவார், போடட்டும்.

சாப்பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. பருப்பையும் முட்டையையும் நிறுத்திக் கஞ்சியில் போடும் பழைய வழக்கம் தப்பு. தசையும் அம்மோனியாவைப் பிடித்துக்கொள்ளும், பட்டினி போட்டால் அந்தத் தசைதான் கரையும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு எழுபது முதல் தொண்ணூறு கிராம் வரை புரதம் தேவை. எடையை எடுக்கும்போது வயிற்று நீரைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட வேண்டும். இரவு படுக்கும் முன் இரண்டு இட்லியோ ஒரு டம்ளர் பாலோ அவசியம், விடிய விடியப் பட்டினி வேண்டாம்.

மலம் தார் மாதிரி கறுத்துப் போனால், ரத்த வாந்தி வந்தால், காய்ச்சலோ வயிற்று வலியோ குழப்பத்தோடு சேர்ந்து வந்தால், சிரப்பைக் கூட்டிப் பார்த்துக் காத்திருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள். குடலில் ரத்தம் கசிவதும் கிருமித்தொற்றும்தான் பல நேரம் குழப்பத்தைக் கொண்டுவருகின்றன. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரென்றால் போகும் முன் ஒருமுறை சர்க்கரை பாருங்கள், தாழ்சர்க்கரையும் இதே மாதிரி உளற வைக்கும். கூப்பிட்டால் கண் திறக்காதவர் வாயில் சிரப்பை ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் "உளறுகிறார்" என்று மட்டும் சொன்னால் அங்கேயும் யாராவது வாயை முகர்ந்து பார்ப்பார்கள். "சிரோசிஸ், லாக்டுலோஸ் எடுக்கிறார், கடைசியாக மலம் போனது இந்த நேரம், நேற்று இந்த மாத்திரை கொடுத்தோம்" என்று சொல்லி, நோட்டை நீட்டுங்கள்.