15,000 ரூபாய்க்குள் வீடியோ எடுக்க ஒரு போன்: கடையில் கேட்க வேண்டிய கேள்வி

(காட்சி: மேசையில் இரண்டு போன் பெட்டிகள். ஒன்றில் '108 மெகாபிக்சல்', மற்றொன்றில் '50 மெகாபிக்சல்' என்று பெரிய எழுத்தில்.)

வீடியோ எடுப்பதற்காக முதல் போன் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை மெகாபிக்சல் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். புகைப்படத்துக்காவது அந்த எண்ணால் ஓரளவு பயன் உண்டு. வீடியோவுக்கு ஏறக்குறைய எதுவுமே இல்லை. 1080p என்கிற முழு எச்டி வீடியோவில் ஒரு படத்துக்குச் சுமார் 20 லட்சம் புள்ளிகள் போதும். 4கே வீடியோவுக்குச் சுமார் 83 லட்சம். 50 மெகாபிக்சல் என்பது 5 கோடி புள்ளிகள். ஆக, சிறிய எண் போட்ட பெட்டியிலேயே தேவையைப் போலப் பல மடங்கு இருக்கிறது.

நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு. 'கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி இந்த போனில் எந்தத் தரத்தில் வேலை செய்கிறது?' இந்த விலையில் வரும் பல போன்களில் 4கே பதிவும் உண்டு, நடுக்கத் தடுப்பும் உண்டு. ஆனால் 4கே-யைத் தேர்ந்தெடுத்த உடனே நடுக்கத் தடுப்பு நின்றுவிடும். பெட்டியில் இரண்டும் தனித்தனி வரிகளாக அச்சாகியிருப்பதால் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

(காட்சி: மாடித்தோட்டம். தொட்டிகளுக்கு நடுவே நடந்துகொண்டே எடுத்த, குலுங்கும் வீடியோ.)

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். மதுரையில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் அதைப் பற்றி வீடியோ போட விரும்புகிறார். பகலில் வேலை, தோட்டத்துக்குப் போவது மாலை ஆறு மணிக்கு மேல். தொட்டிகளுக்கு இடையே நடந்தபடி பேசுவார், இலையின் அடியில் இருக்கும் மாவுப்பூச்சியைக் கிட்டத்தில் காட்டுவார். கையில் 15,000 ரூபாய். அவர் தேர்வு நடையையும் மாலை வெளிச்சத்தையும் பொறுத்தது. அதனால் நடுக்கத் தடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அதில் இரண்டு வகை இருக்கின்றன. முதலாவது மின்னணு முறை. போன் அகலமாகப் படம் பிடித்துக்கொண்டு, கை ஆடுவதற்கு எதிர்ப்பக்கமாகப் படத்தை நகர்த்தி, ஓரங்களை வெட்டிவிடும். தையற்காரர் துணியைச் சற்று அகலமாக எடுத்து ஓரத்தை நறுக்குவதைப் போன்ற வேலை இது. நடக்கும்போது வரும் குலுக்கலை இந்த முறை நன்றாகவே அடக்கும். ஆனால் ஓரம் போய்விடுவதால் காட்சி குறுகிவிடும். கையை நீட்டித் தன்னைத்தானே எடுப்பவருக்கு முகம் மட்டுமே மிஞ்சும், பின்னால் இருக்கும் செடி தெரியாது.

இரண்டாவது முறையில் லென்ஸ் அல்லது சென்சாரே உள்ளுக்குள் நகர்ந்து கை நடுக்கத்தை ஈடுகட்டும். விவரப் பட்டியலில் இதை OIS என்று எழுதியிருப்பார்கள். அது நகரும் தூரம் மிகச் சிறியது என்பதால், நடையின் குலுக்கலை அதனால் மட்டும் நிறுத்த முடியாது. அதன் அருமை மாலையில்தான் தெரியும்.

(காட்சி: மங்கிய வெளிச்சத்தில் ஒரே தொட்டி, இரண்டு போன்களில். ஒன்றில் படம் விட்டுவிட்டு மங்கித் தெளிகிறது.)

காரணம் இதுதான். வெளிச்சம் குறையும்போது போன் ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் ஒளியைச் சேகரிக்கும். நொடிக்கு 30 படம் என்றால், ஒரு படத்துக்கு அதிகபட்சம் நொடியில் முப்பதில் ஒரு பங்கு கிடைக்கும். அந்த நேரத்துக்குள் கை ஆடினால் அந்தப் படத்திலேயே இலை இழுபட்டுப் பதிவாகிவிடும். மின்னணு முறையால் அந்தப் படத்தை நேராக வைக்க முடியும்; அதில் ஏற்கெனவே பதிந்த மங்கலை எடுக்க முடியாது. அதனால் வீடியோ ஆடாது, ஆனால் நொடிக்கு நொடி மங்கும், தெளியும், மறுபடி மங்கும். இதைப் பலர் போகஸ் கோளாறு என்று நினைக்கிறார்கள். OIS உள்ள போனில் ஒளி விழுந்துகொண்டிருக்கும்போதே லென்ஸ் நகர்ந்துவிடுவதால் இந்த மங்கல் வெகுவாகக் குறையும். ஆனால் செடியே காற்றில் ஆடினால் எந்த முறையும் உதவாது. அதற்கு விளக்கு வேண்டும்.

இந்த விலையில் OIS இருந்தாலும் பின்பக்கத்தின் முதன்மைக் கேமராவுக்கு மட்டுமே இருக்கும். மற்றபடி '2 மெகாபிக்சல்' என்று ஒட்டவைத்திருக்கும் மேக்ரோ, டெப்த் லென்ஸ்களைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். மாவுப்பூச்சியையும் முதன்மைக் கேமராவைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து இரு மடங்கு பெரிதாக்கி எடுப்பதே தெளிவாக வரும்.

அடுத்தது சேமிப்பிடம். 1080p-யில் நொடிக்கு 30 படம் என்று எடுத்தால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி ஆகும். 4கே என்றால் சுமார் 350 எம்பி. கோப்பை இன்னும் சிறிதாகச் சுருக்கும் புதிய எச்இவிசி முறையில் பதிந்தால் இவை ஏறக்குறையப் பாதியாகும். ஆனால் விலை குறைந்த போனில் அந்தக் கோப்பை எடிட் செய்வது திணறலாம். நம் தோட்டக்காரர் ஆறு நிமிட வீடியோவுக்கு 40 நிமிடம் எடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். அது 1080p-யில் 5 ஜிபிக்குச் சற்று மேல், 4கே-யில் 14 ஜிபி. 128 ஜிபி போனில் இயங்குதளம், செயலிகள், வாட்ஸ்அப், குடும்பப் படங்கள் எல்லாம் போக 60 ஜிபி மிஞ்சினால், வாரம் இரண்டு வீடியோ போடுபவருக்கு 1080p-யில் ஐந்து வாரத்துக்கு மேல் தாங்கும். 4கே-யில் இரண்டு வாரம்தான். 64 ஜிபி போனை இந்த வேலைக்கு வாங்கவே வேண்டாம்.

மெமரி கார்டு போடலாமே என்பார்கள். போடலாம், ஆனால் பல போன்களில் இரண்டாவது சிம்முக்கும் கார்டுக்கும் ஒரே இடம்தான். ஒன்றைத்தான் வைக்க முடியும். வாங்குமுன் சிம் தட்டை வெளியே எடுத்துப் பாருங்கள். பதிவு போனிலேயே நடக்கட்டும், முடிந்த வீடியோக்களைக் கார்டுக்கு மாற்றுங்கள். மெதுவான கார்டில் நேரடியாகப் பதிந்தால் பதிவு நடுவில் நின்றுபோகலாம்.

(காட்சி: கடை. போனைப் பிடித்தபடி மெதுவாக நடக்கும் ஒருவர்.)

கடையில் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். 1080p-யில் வைத்துப் பத்தடி நடந்து எடுங்கள். அதே நடையை 4கே-யில் எடுங்கள். பிறகு ஒரே இடத்தில் நின்று இரண்டு தரத்தையும் மாற்றிப் பாருங்கள். 4கே-க்கு மாற்றியதும் காட்சி அகன்றால், ஓரம் வெட்டுவது நின்றுவிட்டது, அதாவது நடுக்கத் தடுப்பு போய்விட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அடுத்து படிக்கட்டின் அடி போன்ற இருட்டான மூலையில் நடந்து எடுத்து, மங்கித் தெளிகிறதா என்று கவனியுங்கள். முன்பக்கக் கேமராவிலும் ஒருமுறை நடந்து எடுங்கள். அதில் நடுக்கத் தடுப்பே இல்லாத போன்கள் நிறைய இருக்கின்றன. எடுத்ததைப் பதிவு செய்யும்போதே பார்த்துத் தீர்ப்பளிக்காமல், கேலரியில் திறந்து பாருங்கள்.

(காட்சி: மீண்டும் இரண்டு பெட்டிகள்.)

இப்போது இரண்டு போன்களுக்கு வருவோம். முதலாவதில் 108 மெகாபிக்சல், 4கே, மின்னணு முறை மட்டும், அதுவும் 1080p-யில் மட்டும். இரண்டாவதில் 50 மெகாபிக்சல், 1080p மட்டுமே, ஆனால் OIS-உம் மின்னணு முறையும் சேர்ந்து. இரண்டிலும் 128 ஜிபி. மாலையில் நடந்துகொண்டே எடுக்கும் இந்தத் தோட்டக்காரருக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். அவர் வீடியோவைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் கைபேசித் திரையில் பார்ப்பார்கள், அங்கே 1080p குறையாகத் தெரியாது. குலுக்கலும் மங்கலும் தெரியும்.

இதே பணத்தோடு சமையல் வீடியோ எடுப்பவர் வந்திருந்தால் என் பதில் மாறியிருக்கும். போன் ட்ரைபாடில் நிற்கும், விளக்கு எரியும், நடுக்கத் தடுப்புக்கு வேலை இல்லை. அவருக்கு முதல் போன்தான் சரி: 4கே-யில் எடுத்தால், எடிட் செய்யும்போது வாணலியை மட்டும் இரு மடங்கு பெரிதாக்கினாலும் 1080p தெளிவு மிஞ்சும். அவர் ட்ரைபாடுக்கும், 4கே கோப்புகளை இறக்கி வைக்க ஒரு மெமரி கார்டுக்கும் பணத்தை ஒதுக்கிவிட்டுத்தான் போன் பார்க்க வேண்டும்.