பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு

எல்லாருக்கும் வணக்கம். மாசு என்று பேச ஆரம்பித்தாலே "நாம எல்லாரும் ஒரே காற்றைத்தானே சுவாசிக்கிறோம்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் உங்களை எண்ணூர் கழிமுகத்துக்குத்தான் கூட்டிப்போக வேண்டும், கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்துக்கு.

அங்கே இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, குனிந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறாலைப் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி ஒன்று இருக்கும். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் அந்தப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வார்கள். கழுத்து வரைக்கும் தண்ணீர் வந்தால் அந்தத் தண்ணீர் வாய்க்கும் போகும். மணிக்கணக்கில் இதுதான் வேலை.

சரி, அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது? பக்கத்து அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் பழசாகி ஓட்டை விழுந்தால் கரைசல் நேராக ஆற்றுக்குள் இறங்குகிறது. வருடக்கணக்கில் அப்படி இறங்கியதில் சாம்பல் படிந்து ஆழம் குறைந்தது, இறால் ஒதுங்கும் சேறு மூடிப்போனது. சாம்பலில் ஆர்சனிக், ஈயம் போன்றவையும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். கரையில் நிற்கிறவருக்கு அது பார்க்கச் சாம்பல் நிறத் தண்ணீர், அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கோ அது தோலிலும் நகக்கண்ணிலும் நாக்கிலும் இருக்கிறது, போதாததற்கு அன்றைய கூலியும் அதனாலேயே குறைகிறது. ஒரே ஊர்தான், ஆனால் படகில் போகிறவரைவிட இவள் உடம்பில் சேருவது அதிகம். மீனவர்களுக்குள்ளேயே இந்த வித்தியாசம் இருக்கிறது, இருளர்களைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று நாம் எப்போதும் தள்ளிப்போடுகிறோம்.

எண்ணூருக்கு ஏன் இத்தனை ஆலை? யாரோ உட்கார்ந்து "மீனவன் சாகட்டும்" என்று திட்டம் போட்டிருக்க வேண்டியதே இல்லை, இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். அனல்மின் நிலையத்துக்குக் குளிர்விக்கக் கடல் தண்ணீர் வேண்டும், நிலக்கரி இறக்கத் துறைமுகம் வேண்டும், பட்டா இல்லாத பெரிய நிலம் வேண்டும். வரைபடத்தில் கழிவெளியும் அளமும் "புறம்போக்கு" என்று கிடக்கின்றன. எந்த ஊர்க்காரர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று எண்ணூர், பழவேற்காடு பக்கத்து மீனவர்கள் "பாடு" முறை வைத்து பாகம் பிரித்துக்கொண்டவர்கள். அந்தப் பாடு முறைக்கு ஆவணம் கிடையாது. ஆவணம் இல்லாததால் அது காலி நிலமாகிவிட்டது. முதல் ஆலை வந்ததும் அடுத்ததுக்கு "அங்கேதான் ஏற்கெனவே தொழிற்சாலை இருக்கே" என்பதே காரணமானது.

அமெரிக்காவில் 1982இல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில் பிசிபி நச்சு கலந்த மண்ணைப் புதைக்க, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஏழைப் பகுதியைத் தேர்ந்தெடுத்தார்கள். மக்கள் லாரிகளுக்கு முன்னால் ரோட்டில் படுத்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். சுற்றுச்சூழல் நீதி என்ற பேச்சு பெரிதாக எழுந்தது அங்கிருந்துதான். எண்ணூரில் நிறத்துக்குப் பதிலாகச் சாதியும் பட்டாவும் அந்த வேலையைச் செய்கின்றன.

இதில் புயலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று 2023 டிசம்பரில் பார்த்தோம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து கழிமுகத்திலும் வீடுகளுக்குள்ளும் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகும் சுவரில் கறுப்புக் கோடு நின்றது, வலையும் படகும் பிசுபிசுத்துக் கிடந்தன. முதல் நாட்களில் மக்கில் எண்ணெயை அள்ளிப் பக்கெட்டில் ஊற்றியது மீனவர்கள்தான், பலருக்குக் கையுறைகூடக் கிடையாது. நகரத்தில் வேறு இடங்களில் வெள்ளம் வடிந்தால் சேறும் குப்பையும் மிஞ்சும். இங்கே ஆலையின் கழிவும் வெள்ளத்தோடு வீட்டுக்குள் வந்தது. பருவநிலை மாற்றத்தின் அடி ஏற்கெனவே மாசு இருக்கும் இடத்தில் இரட்டிப்பாக விழும் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

அப்புறம் நிவாரணம். அரசு அறிவித்தது 8.68 கோடி ரூபாய். 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500, 787 படகுகளுக்குத் தலா 10,000, பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. கொடுத்தது தேவைதான். ஆனால் படகுக்குத் தனித் தொகை என்று கணக்கு எழுதும்போது, பறியை மட்டுமே வைத்திருக்கிறவளின் கருவியான அந்தச் சேற்றுக்கு என்ன தொகை? பிடித்த மீனை வாங்கிக் கூடையில் சுமந்து விற்கிறவளுக்கு எத்தனை நாள் வியாபாரம் போனது? அதனால் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை கணக்கெடுக்கும்போது படகிலிருந்து தொடங்காதீர்கள். தண்ணீரில் யார் எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள், எத்தனை நாள் இறங்க முடியாமல் போனது என்று அவர்களிடமே கேட்டு எழுதுங்கள், பட்டியலில் முதல் வரியாக அந்தப் பெண்ணின் பெயர் வரட்டும்.