மெட்டாரில் இரண்டு எண்கள்

வணக்கம். விமானி புறப்படும் முன் எடுத்துப் படிக்கும் வானிலை அறிக்கைக்கு மெட்டார் என்று பெயர். மணிக்கு ஒரு முறை, பல விமான நிலையங்களில் அரை மணிக்கு ஒரு முறை, இது வெளியாகும். ஒரே வரி, முழுக்கச் சுருக்கெழுத்து. அளந்தபோது இருந்த நிலையைத்தான் அது சொல்லும், வரப்போவதை அல்ல. ஆனால் அடுத்தடுத்த அறிக்கைகளை வரிசையாக வைத்துப் படித்தால், வரப்போவதையும் ஓரளவு ஊகிக்கலாம். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

ஓர் இரவின் முதல் அறிக்கையில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: `06004KT 9999 FEW030 22/18`. எழுதிக்கொள்ள வேண்டாம், காதால் கேட்டாலே போதும். முதல் மூன்று இலக்கம் காற்றின் திசை. 060 என்றால் 60 டிகிரியிலிருந்து, அதாவது ஏறக்குறைய வடகிழக்கிலிருந்து வருகிறது. கவனியுங்கள், எங்கிருந்து வருகிறது என்பதுதான், எங்கே போகிறது என்பதல்ல. அடுத்த 04 வேகம், 4 நாட், அதாவது மணிக்கு 4 கடல் மைல். 9999 என்பது பார்வைத் தொலைவு, மீட்டரில். 10 கிலோமீட்டரோ அதற்கு மேலோ தெரிந்தால் இப்படி எழுதுவார்கள். FEW என்றால் வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்தால் ஒன்றிரண்டு பங்கில் மட்டும் மேகம். 030 உடன் இரண்டு பூஜ்யம் சேர்த்தால் 3000 அடி, அதன் அடிப்பகுதியின் உயரம். விமான நிலையத் தரையிலிருந்து அளந்தது, கடல் மட்டத்திலிருந்து அல்ல.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். காற்று மெலிது, பார்வை நன்று, மேகம் குறைவு, சரி, கிளம்பலாம் என்று. எனக்குப் பிடித்ததோ கடைசியில் நிற்கும் 22/18.

22 வெப்பநிலை. 18 பனிநிலை. அதாவது, இந்தக் காற்றை 18 டிகிரி வரை குளிரவிட்டால் அதிலுள்ள ஈரம் நீராக மாறத் தொடங்கும். குளிர்ந்த தண்ணீர்க் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே விஷயம்தான். இரண்டுக்கும் இடைவெளி 4 டிகிரி. இந்த இடைவெளியைத்தான் நான் பார்க்கச் சொல்கிறேன்.

சில மணி நேரம் கழித்து: `VRB02KT 4000 BR NSC 19/18`. வானம் தெளிந்துவிட்டது, NSC என்பது குறிப்பிடத்தக்க மேகம் இல்லை என்று சொல்கிறது. நல்ல சேதி போலத் தோன்றும். ஆனால் மேகம் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வேகமாக வானுக்கு இழக்கிறது. தரையை ஒட்டிய காற்றும் கூடவே குளிர்கிறது. பனிநிலை அசையவில்லை, வெப்பநிலைதான் இறங்கி வந்திருக்கிறது. காற்றோ திசையே நிலைக்காமல் 2 நாட். VRB என்பது அந்தத் தடுமாற்றம்தான். பார்வை 4000 மீட்டராகக் குறைந்து, BR என்கிற மெல்லிய பனிமூட்டம் வந்துவிட்டது.

இடைவெளி ஒன்று என்றால் இன்னும் ஒரு டிகிரி மிச்சம் இருக்கிறது என்று நம்பக்கூடாது. அறிக்கையில் முழு எண்தான் வரும். உண்மையில் 18.5 ஆக இருந்தாலும் 19 என்பார்கள், 18.4 ஐ 18 என்பார்கள். ஆக, 19/18 என்று படிக்கும்போது இடைவெளி 0.1 டிகிரியாகவும் இருக்கலாம், 1.9 டிகிரியாகவும் இருக்கலாம். ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல், போன அறிக்கையிலிருந்து அது எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பாருங்கள். மறுபடி சொல்கிறேன், நகர்வைப் பாருங்கள்.

விடியும் முன் வந்தது: `00000KT 0300 FG VV001 17/17`. காற்று அசையவில்லை. பார்வை 300 மீட்டர். 1000 மீட்டருக்குக் கீழே போனால் BR என்பது FG ஆகிவிடும், மூடுபனி. மேகத்தின் இடத்தில் VV001 நிற்கிறது. வானமே தெரியவில்லை, செங்குத்தாக மேலே 100 அடிதான் பார்க்க முடிகிறது.

இடைவெளி குறைந்தாலே மூடுபனி வந்துவிடும் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்று 10 நாட்டுக்கு மேல் வீசினால் மேலிருக்கும் காற்றும் கீழே கலந்துவிடும். அப்போது மூடுபனிக்குப் பதில் தாழ்ந்த மேகம் உருவாவதுண்டு. அப்போது BKN அல்லது OVC, அதாவது வானத்தில் பாதிக்கு மேலோ முழுவதுமோ மூடும் மேகம், சில நூறு அடி உயரத்தில் வந்து நிற்கும். விமானிக்கு அதுவும் தொல்லைதான். அதனால்தான் காற்றையும் இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்கச் சொல்கிறேன்.

காற்றழுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாக: Q1014 என்று பார்த்தால் 1014 ஹெக்டோபாஸ்கல். உயரமானியில் அதை வைத்த பிறகே உயரம் சரியாகக் காட்டும். ஒரு ஹெக்டோபாஸ்கல் தவறாக வைத்தால் ஏறக்குறைய 27 அடி பிசகும். அப்புறம், அறிக்கையின் முன்பகுதியில் Z என்று முடியும் நேரம் உலகப் பொது நேரம், உங்கள் ஊர்க் கடிகாரம் அல்ல. அதை மாற்றிப் பார்த்த பிறகே அறிக்கை எவ்வளவு பழையது என்று முடிவு செய்யுங்கள். நன்றி, வணக்கம்.